93 வரியும் பச்சை, ஆதாரம் மட்டும் இல்லை: மண்ணடி அலுவலகம் ஒன்றில் 27001 மேப்பிங்

ஐ.எஸ்.ஓ. 27001 என்ற தகவல் பாதுகாப்புத் தரத்துக்கான இரண்டாம் கட்ட ஆடிட்டுக்கு ஏழு வாரம் இருந்தபோது உள் ஆடிட் நடந்தது. கண்ட்ரோல் என்பது அந்தத் தரம் பட்டியலிடும் பாதுகாப்பு நடவடிக்கை. எந்தக் கண்ட்ரோலுக்கு நம் பாலிசிகளில் எது பதில் என்று காட்டும் மேப்பிங் ஷீட்டில் 93 கண்ட்ரோலும் பச்சை நிறத்தில் இருந்தன. உள் ஆடிட்டுக்கு வந்தவர் ஷீட்டைத் திறக்கவே இல்லை. வருகைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கி, கடந்த 12 மாதத்தில் வேலையை விட்டுப் போன மூன்று பேரில் ஒருவரின் பெயரைத் தொட்டார். "இவர் கையில் என்னென்ன லாகின் இருந்தது? எந்தத் தேதியில் எதை எடுத்தீர்கள்?" மின்னஞ்சல் கணக்கை மூடிய தேதி கிடைத்தது. அவர் தினமும் பயன்படுத்திய 14 கப்பல் கம்பெனி, துறைமுகப் போர்ட்டல்களின் பாஸ்வேர்டு ஒன்றுகூட மாற்றப்படவில்லை. ஷீட்டில் அந்த வரிக்கு நேரே "அணுகல் பாலிசியில் உள்ளது" என்று எழுதியிருந்தது. பாலிசியில் அது இருந்தது உண்மைதான்.

மேப்பிங்கை முதலிலிருந்து மறுபடி செய்த வேலையின் பதிவு இது.

அலுவலகம் மண்ணடியில் இருக்கும் ஒரு கஸ்டம்ஸ் புரோக்கர் நிறுவனம். 22 பேர். இறக்குமதி, ஏற்றுமதிக்காரர்களின் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் எல்லாம் வாங்கி, பில் ஆஃப் என்ட்ரியும் ஷிப்பிங் பில்லும் தயாரித்து சுங்கத்துறையின் இணையதளமான ஐஸ்கேட்டில் தாக்கல் செய்வது தொழில். பழைய ஜாப் ஃபைல்கள் தண்டையார்பேட்டையில் ஒரு கிடங்கில் கிடக்கின்றன. ஒரு பெரிய வாடிக்கையாளர் ஐ.எஸ்.ஓ. 27001 சான்றிதழ் கேட்டதால் இந்த வேலை தொடங்கியது. பதிப்பு 2022. அதன் அனெக்ஸ் ஏ-வில் நிர்வாகம் சார்ந்தவை 37, ஆட்கள் சார்ந்தவை 8, இடம் சார்ந்தவை 14, தொழில்நுட்பம் சார்ந்தவை 34 என்று மொத்தம் 93 கண்ட்ரோல்.

முதல் ஷீட் எங்கே பிசகியது

விலைக்கு வாங்கிய டெம்ப்ளேட் தொகுப்பில் 41 பாலிசி இருந்தன. நிறுவனத்தின் பெயரை மட்டும் மாற்றி அச்சடித்தாகிவிட்டது. பிறகு எக்செல்லில் இடது பக்கம் கண்ட்ரோல் எண், வலது பக்கம் பாலிசியின் பெயர். இரண்டு பேர் நான்கு நாளில் முடித்த வேலை. முடிந்த வேகமே சந்தேகத்தைக் கிளப்பியிருக்க வேண்டும்.

தவறு இரண்டு. ஒரு கண்ட்ரோலுக்கு நேராக முழு பாலிசியையும் வைத்தால், அந்த பாலிசியின் எந்தப் பத்தி அதைச் சொல்கிறது என்று யாரும் தேடிப் பார்ப்பதில்லை. பாலிசியோடு ஷீட் நின்றுவிட்டதால், அந்தப் பத்திப்படி நடந்ததற்கு என்ன பதிவு இருக்கிறது என்ற கேள்விக்கு அங்கே கட்டமே இல்லை. முதல் கட்ட ஆடிட்டில் பெரும்பாலும் ஆவணங்களைப் பார்ப்பார்கள் என்பதால் இந்த ஷீட் தப்பித்தது. இரண்டாம் கட்டம் பதிவுகளைத் தேடும்.

இதற்கு நடுவில் எக்செல் செய்த ஒரு குறும்பு. கட்டத்தில் 5.10 என்று அடித்தால் அது எண்ணாக மாறி 5.1 ஆகிவிடும். 5.20 போய் 5.2, 5.30 போய் 5.3. இப்படி 5.1, 5.2, 5.3, 7.1, 8.1, 8.2, 8.3 ஆகிய ஏழும் இரண்டிரண்டு தடவை வரும். 93 வரி இருக்கும், ஆனால் வெவ்வேறு எண்கள் 86தான். கட்டத்தை டெக்ஸ்ட் ஆக்கினாலும் முழுதாகத் தீராது. `COUNTIF` எண் போலத் தெரியும் எழுத்தை எண்ணாகவே எடுத்துக்கொண்டு, 5.1-ஐயும் 5.10-ஐயும் ஒன்றாகக் கூட்டிவிடும். எண்ணுக்கு முன்னால் `A.` சேர்த்து `A.5.10` என்று எழுதியதும் இரண்டு தொல்லையும் போயின.

வினைச்சொல்லைப் பிடித்து உடைத்தது

இரண்டாவது ஷீட்டில் கண்ட்ரோலை அப்படியே வைக்காமல், அதில் உள்ள வினைச்சொற்களாக உடைத்தோம். எடுத்துக்காட்டு 5.18, அதாவது அணுகல் உரிமைகள். அந்தக் கண்ட்ரோல் உரிமையைக் கொடுக்க, அவ்வப்போது சரிபார்க்க, மாற்ற, நீக்கச் சொல்கிறது. வினை நான்கு, ஆகவே வரியும் நான்கு. டெம்ப்ளேட்டின் அணுகல் பாலிசியில் கொடுப்பதற்கும் நீக்குவதற்கும் பத்தி இருந்தது. சரிபார்க்க ஒரு வாக்கியம் இருந்தும், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்று இல்லை. ஒருவர் இறக்குமதிப் பிரிவிலிருந்து கணக்குப் பிரிவுக்கு மாறினால் என்ன செய்வது என்பது எங்கும் இல்லை. முழு பாலிசியைக் கண்ட்ரோலுக்கு நேரே வைத்தபோது இந்த ஓட்டை தெரியவே வாய்ப்பில்லை.

எல்லாவற்றையும் இப்படி உடைத்ததும் 93 வரி 168 ஆனது. ஒவ்வொரு வரிக்கும் வைத்த கட்டங்கள்: கண்ட்ரோல் எண், வினை, பாலிசிப் பத்தி எண், செய்பவர், பதிவு இருக்கும் இடம், எத்தனை நாளுக்கு ஒருமுறை, கடைசியாகச் செய்த தேதி. செய்பவர் என்ற கட்டத்தில் "ஐ.டி. டீம்" என்று எழுதக் கூடாது என்பது முதல் நாளே போட்ட விதி. 22 பேர் அலுவலகத்தில் ஐ.டி. டீம் என்பது ஒரே ஒருவர். அவரும் பாதி நாள் பிரிண்டருக்கு டோனர் மாற்றிக்கொண்டிருப்பார்.

தரத்தின் வாசகங்களை ஷீட்டில் நகலெடுக்கவில்லை. அது விலைக்கு விற்கப்படும், பதிப்புரிமை உள்ள ஆவணம். அதைவிட, சொந்த வார்த்தையில் எழுத உட்காரும்போதுதான் கண்ட்ரோல் புரிந்திருக்கிறதா என்று தெரிகிறது.

5.18-இன் "நீக்கு" வரிக்குத் திரும்பினால், பாலிசியில் "கடைசி நாளன்று எல்லா அணுகலும் நீக்கப்படும்" என்று இருந்தது. போர்ட்டல்களில் பெரும்பாலானவற்றுக்கு நிறுவனத்துக்கே ஒரு கணக்குதான். அதை ஆறேழு பேர் பயன்படுத்துகிறார்கள். நீக்குவதற்கு அங்கே தனிநபர் கணக்கே கிடையாது. பாலிசியை எழுதியவருக்கு இது தெரிய நியாயமில்லை. புதிதாகச் சேர்த்த பத்தி இது: பொதுக் கணக்குகளுக்குத் தனிப் பதிவேடு இருக்கும். அதைத் தெரிந்தவர் ஒருவர் விலகினால், அன்று மாலைக்குள் பாஸ்வேர்டு மாற்றப்பட்டு, மாற்றியவர் கையெழுத்திடுவார். 14 போர்ட்டலையும் மாற்ற முதல் தடவை ஒன்றே கால் மணி நேரம் ஆனது. இரண்டு போர்ட்டலில் மீட்பு மின்னஞ்சலாக விலகிப்போனவரின் முகவரியே இருந்ததால் அவற்றுக்கு மட்டும் மூன்று நாள் இழுத்தது.

டெம்ப்ளேட்டுக்குத் தெரியாத பொருள்: டோக்கன்

இந்தத் தொழிலில் பாஸ்வேர்டைவிட ஆபத்தானது டிஜிட்டல் கையெழுத்து டோக்கன். பென் டிரைவ் போல இருக்கும். உரிமதாரர் அல்லது அவர் அங்கீகரித்தவர் பெயரில் வழங்கப்பட்டிருக்கும். தாக்கலில் விழும் கையெழுத்து சட்டப்படி அவருடையது. நடைமுறையில் டோக்கன் ஃபைலிங் மேசையின் இழுப்பறையில் கிடந்தது. பின் எண் அதன் மேலேயே ஸ்டிக்கரில்.

41 பாலிசியில் டோக்கன் என்ற சொல்லே இல்லை. பாஸ்வேர்டு, பின் எண் போன்றவற்றைக் காக்கக் கேட்கும் 5.17, "பாஸ்வேர்டைப் பகிரக் கூடாது" என்ற பத்தியோடு முடிந்துவிட்டதாக முதல் ஷீட் சொன்னது. சொத்துப் பட்டியலைப் பார்த்தால் அதிலும் டோக்கன் இல்லை. கண்ட்ரோல் 5.9 கேட்பதே அந்தப் பட்டியலைத்தான். பட்டியலில் இல்லாத பொருள் ஆபத்து மதிப்பீட்டில் வராது, அங்கே வராதது பாலிசியிலும் வராது. ஆகவே மேப்பிங்கை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு மேசையாகப் போய்ச் சொத்துப் பட்டியலைத் திருத்த ஒன்றரை நாள் போனது. இந்த ஒன்றரை நாளை முதலிலேயே செலவழித்திருந்தால் மற்றது பாதியாகக் குறைந்திருக்கும்.

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 42-ஆம் பிரிவு, தனிச்சாவியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்க உரியவர் நியாயமான கவனம் எடுக்க வேண்டும் என்கிறது. அதையொட்டி டோக்கனுக்கு நான்கு வரி சேர்ந்தன. பின் எண் உரியவருக்கு மட்டும் (5.17). சாவி, அதன் காலாவதித் தேதி பற்றிய பதிவு (8.24). இருக்கையை விட்டு எழுந்தால் டோக்கனைக் கழற்றுவது (7.7). இரவில் பூட்டிய பெட்டி, எடுத்தவர் பெயரோடு ஒரு நோட்டு (7.10). உரியவர் துறைமுகத்தில் நிற்கும்போது அவசரத் தாக்கல் வந்தால் என்ன செய்வது என்று ஊழியர்கள் கேட்டது நியாயமான கேள்வி. பின் எண்ணைப் போனில் சொல்வது தீர்வாகாது. இன்னொரு அங்கீகரிக்கப்பட்டவர் பெயரில் இரண்டாவது டோக்கன் வாங்கப்பட்டது.

பாலிசியில் எண் இருந்தால் கருவியில் போய்ப் பார்

பாலிசியில் நாள், மணி, முறை என்று ஏதாவது எண் வந்தால், அந்த எண்ணைக் கருவியில் சரிபார்க்காமல் வரியைப் பச்சையாக்குவதில்லை என்று வைத்துக்கொண்டோம். மொத்தம் 27 எண்கள். 11 பொய்.

சிசிடிவி பதிவு 30 நாள் இருக்கும் என்றது பாலிசி. டிவிஆரில் 1 டிபி டிஸ்க், நான்கு கேமரா, ஒவ்வொன்றும் 2 எம்பிபிஎஸ். ஒரு கேமராவுக்கு நாளைக்கு 21.6 ஜிபி, நான்குக்கும் 86 ஜிபி சொச்சம். 1 டிபி பதினொரு நாளில் நிரம்பி, பழையதன் மேல் எழுதத் தொடங்கிவிடும். பாலிசியை 10 நாள் என்று குறைத்திருக்கலாம், தரம் அதைத் தடுக்காது. ஆனால் ஜாப் ஃபைல் காணோம் என்ற புகார் பெரும்பாலும் இரண்டு வாரம் கழித்துத்தான் வரும். அதனால் 4 டிபி டிஸ்க் போட்டார்கள்.

லாக் விஷயத்தில் டெம்ப்ளேட் 90 நாள் என்றது. இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு, நிறுவனங்கள் லாக்குகளை 180 நாள் வைத்திருக்கவும், குறிப்பிட்ட வகைச் சம்பவங்களைக் கவனத்துக்கு வந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் சொல்கிறது. டெம்ப்ளேட்டில் 24 மணி நேரம் என்றிருந்தது. வெளிநாட்டில் எழுதிய டெம்ப்ளேட்டுக்கு இது தெரியாது. சட்டத் தேவைகளைக் கேட்கும் 5.31 வரியை முதலில் நிரப்பியிருந்தால் இந்த எண்கள் தானாகச் சரியாகியிருக்கும். அலுவலக ரவுட்டரோ லாக்கைத் தன் நினைவகத்தில்தான் வைத்திருந்தது. மின்சாரம் போனால் லாக்கும் போகும். அதைச் சிஸ்லாக் வழியாக அலுவலகத்தின் சேமிப்புக் கருவியான நாஸுக்கு அனுப்ப வேண்டியிருந்தது.

நேர ஒத்திசைவு, 8.17. அதே செர்ட்-இன் உத்தரவு அரசு நிறுவனங்களான என்ஐசி அல்லது என்பிஎல் நேர சர்வர்களோடு, அல்லது அவற்றோடு தொடர்புடைய சர்வர்களோடு கடிகாரத்தை ஒத்திசைக்கச் சொல்கிறது. டொமைன் இல்லாத விண்டோஸ் கணினிகளில் முதலில் நிலையைக் கேட்க வேண்டும்:

```
w32tm /query /source
```

`Local CMOS Clock` என்று வந்தால் அது எதோடும் ஒத்திசையவில்லை. 19 கணினியில் ஆறில் அப்படி வந்தது. இன்னும் சிலவற்றில் சேவையே ஓடவில்லை என்ற பிழை வந்தது. அட்மினாகத் திறந்து இதைக் கொடுத்தோம்:

```
net start w32time
w32tm /config /manualpeerlist:"samay1.nic.in samay2.nic.in" /syncfromflags:manual /update
w32tm /resync
```

சேவை ஏற்கனவே ஓடினால் முதல் வரி அதைச் சொல்லிவிட்டு நிற்கும், பாதகமில்லை. கணினிகள் சரியான பிறகு டிவிஆரைப் பார்த்தால் அது ஒன்பது நிமிடம் பிந்தி ஓடியது. கதவுப் பதிவும் கேமராவும் ஒன்பது நிமிடம் விலகியிருந்தால் ஒன்றுக்கு ஒன்று சாட்சி சொல்லாது.

அழிப்பதும் வைப்பதும் மோதிய இடம்

8.10, தகவலை அழித்தல். 2022 பதிப்பில் புதிதாக வந்த 11 கண்ட்ரோல்களில் ஒன்று. டெம்ப்ளேட் வாக்கியம்: "ஒப்பந்தம் முடிந்த 30 நாளில் வாடிக்கையாளர் தகவல் முழுதும் அழிக்கப்படும்." படிக்க அழகாக இருக்கிறது. ஆனால் கஸ்டம்ஸ் புரோக்கர் உரிம விதிமுறைகள் 2018, பதிவுகளை ஐந்து வருடமாவது வைத்திருக்கச் சொல்கின்றன. இந்தப் பாலிசிப்படி நடந்தால் விதி மீறல், நடக்காவிட்டால் பாலிசி மீறல். இரண்டையும் ஆடிட்டர் குறையாக எழுதலாம்.

பத்தியை இரண்டாகப் பிரித்ததும் மோதல் தீர்ந்தது. தாக்கல் செய்த ஜாப் ஃபைலும் வாடிக்கையாளரைச் சரிபார்த்த ஆவணங்களும் ஐந்து வருடம் இருக்கும். வேலைப் பிரதிகள், அதாவது ஊழியர் கைபேசியில் வாட்ஸ்அப்பில் வந்த இன்வாய்ஸ், டவுன்லோட்ஸ் போல்டர், பென் டிரைவ் எல்லாம் தாக்கலாகி 30 நாளில் போக வேண்டும். உண்மையான ஆபத்து இரண்டாவதில்தான். ஆதாரமாக மாதக் கடைசி வெள்ளிக்கிழமை ஒரு படிவம், 22 கையெழுத்து. முதல் மாதம் ஒரே கைபேசியிலிருந்து 1,900-க்கு மேல் பிடிஎஃப் போனது.

ஐந்து வருடக் காகிதம் என்றதும் தண்டையார்பேட்டைக் கிடங்கு கணக்கில் வந்தது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வட சென்னையில் தண்ணீர் எப்படி நின்றது என்பதை இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தீ, வெள்ளம் போன்றவற்றிலிருந்து காக்கக் கேட்கும் 7.5-க்கு நேரே "தீயணைப்புக் கருவி உள்ளது" என்று மட்டும் இருந்தது. அடித்தட்டைக் காலி செய்து, தரையிலிருந்து மூன்றடிக்கு மேல் மட்டும் ஃபைல் என்று விதி வைத்தார்கள். தரத்துக்கு 2024-இல் வந்த திருத்தம், பருவநிலை மாற்றம் நமக்குப் பொருந்தும் விஷயமா என்று தீர்மானிக்கச் சொல்கிறது. பல நிறுவனங்கள் "பொருந்தாது" என்று ஒரே சொல்லில் முடிக்கின்றன. இங்கே அப்படி எழுதினால் சிரிப்பார்கள்.

பொருந்தாது என்று ஒதுக்கியவை

எந்தக் கண்ட்ரோல் தேவை, ஏன் தேவை, நடைமுறையில் இருக்கிறதா, ஒதுக்கியதை ஏன் ஒதுக்கினோம் என்று சொல்லும் எஸ்.ஓ.ஏ. அறிக்கையைத் தரத்தின் 6.1.3 பிரிவு கட்டாயமாகக் கேட்கிறது. மேப்பிங் ஷீட் வேறு, அது வேறு. மேப்பிங் நம் உள் வேலைக்கு.

முதல் அறிக்கையில் "மென்பொருள் தயாரிப்பதில்லை" என்று 8.25 முதல் 8.31 வரை மொத்தமாக ஒதுக்கியிருந்தது. சொத்துப் பட்டியலுக்காக மேசை மேசையாகப் போனபோது ஒரு எக்செல் மேக்ரோ அகப்பட்டது. வாடிக்கையாளரின் இன்வாய்ஸைத் தாக்கல் வடிவத்துக்கு மாற்றும். வெளியில் ஒருவர் எழுதிக் கொடுத்தது. ஒரு நாளைக்கு நாற்பது ஜாப் அதன் வழியாகப் போகிறது. அதில் சரக்கின் வகையைச் சொல்லும் ஹெச்.எஸ். கோட் ஒரு கட்டம் நகர்ந்தால் சுங்க வரி தப்பாகும். ஆகவே 8.30 உள்ளே வந்தது. எழுதியவருக்குச் சோதனைக்கென்று உண்மையான இன்வாய்ஸ்களை மின்னஞ்சலில் அனுப்பியிருந்ததால் 8.33-உம் வந்தது. மேக்ரோவை யார் வேண்டுமானாலும் திறந்து திருத்தலாம் என்ற நிலைக்காக 8.4, 8.32. பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. பாஸ்வேர்டு போட்ட ஒரு மூலப்பிரதி, மாற்றங்களுக்கு ஒரு தாள், பெயர் மாற்றிய 20 சோதனை இன்வாய்ஸ். கடைசியில் ஒதுக்கியது மூன்றே கண்ட்ரோல்.

திரும்பிப் பார்க்கும் சோதனை

கண்ட்ரோலிலிருந்து பாலிசிக்குப் போனதைத் திருப்பி, பாலிசிப் பத்தியிலிருந்து கண்ட்ரோலுக்கும் போக வேண்டும். எல்லாப் பத்தி எண்களையும் ஒரு ஷீட்டில் அடுக்கி, மேப்பிங்கில் அது எத்தனை தடவை வருகிறது என்று எண்ணினோம். கடைசித் தேதி தவறியதைப் பிடிக்க இன்னொன்று:

```
=SUMPRODUCT(--(Map!$C$2:$C$300=A2))
=IF(TODAY()-G2>F2,"LATE","OK")
```

முதல் சூத்திரத்தில் பூஜ்ஜியம் வந்த பத்திகள் எதற்கும் பதில் சொல்லாதவை. சர்வர் அறைக்கு விரல்ரேகைப் பூட்டு என்று ஒரு பத்தி. சர்வர் அறையே இல்லை. டேப் பேக்கப்பை வெளியூர்ப் பெட்டகத்துக்கு அனுப்புவது என்று இன்னொன்று. இவற்றை அப்படியே விட்டுவைப்பதும் ஆபத்துதான். நாமே எழுதி நாமே செய்யாதது எதுவோ அதையும் ஆடிட்டர் குறையாக எழுதுவார். 41 பாலிசி 9 ஆனது, 180 பக்கம் 34 ஆனது. ஊழியர்கள் படித்தது இந்த 34 பக்கத்தைத்தான்.

செலவும் முடிவும்

முதல் ஷீட்டுக்குப் போன எட்டு ஆள்-நாள் வீண். இரண்டாவதுக்கு 19 ஆள்-நாள், அதில் சொத்துப் பட்டியலுக்கு 3. வாங்கிய பொருள்கள் டிவிஆர் டிஸ்க், பூட்டுப் பெட்டி, இரண்டாவது டோக்கன், கிடங்குக்கு இரும்பு அலமாரி. எல்லாம் சேர்ந்தும் டெம்ப்ளேட் தொகுப்பின் விலையைத் தாண்டவில்லை.

அடுத்த தடவை வரிசை மாறும். முதலில் சொத்துப் பட்டியல், அடுத்து 5.31-இன் சட்டப் பட்டியல், பிறகு ஆபத்து மதிப்பீடு, அதன் பிறகே பாலிசி. டெம்ப்ளேட் வாங்குவதென்றால் தலைப்புகளுக்கு மட்டும்.

இரண்டாம் கட்ட ஆடிட்டில் பெரிய குறை இல்லை, சிறிய குறை இரண்டு. மேக்ரோ எழுதியவரைச் சப்ளையராகச் சேர்த்தோம், ஆனால் அவர் வேலையை மதிப்பிட்ட பதிவு இல்லை, 5.22. இரண்டாவது 8.17. ஆடிட்டர் தன் கைபேசியை டிவிஆர் திரையின் பக்கத்தில் பிடித்தார். மூன்று நிமிடம் பிந்தியிருந்தது. முதல் தடவை கையால் நேரத்தைத் திருத்திவிட்டு, டிவிஆரின் மெனுவில் நேர சர்வர் முகவரியைப் போட மறந்திருந்தோம். மேப்பிங் ஷீட்டில் அந்த வரிக்கு இப்போது 30 நாளுக்கு ஒருமுறை என்று இருக்கிறது. செய்பவர் கட்டத்தில் இருப்பது டோனர் மாற்றுபவரின் பெயர்தான்.